வளைகுடாவிலிருந்து திரும்பியவரும் 173 நாள் கணக்கும்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரின் வருமான வரி, சட்டக் கல்லூரித் தேர்விலும் பட்டயக் கணக்காளர் தேர்விலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை எழுதும் வரிசை ஒன்று உண்டு. முதலில் அவர் அந்த ஆண்டில் இந்தியாவில் வசிப்பவரா என்று பார்க்க வேண்டும். வசிப்பவர் என்றால் எந்த வகை வசிப்பவர் என்பது அடுத்தது. அதன் பிறகுதான் ஒவ்வொரு வருமானமும் எங்கே விளைந்தது, எங்கே முதலில் கைக்கு வந்தது என்று பிரிக்க முடியும். இந்த வரிசை மாறினால் விடையும் பெரும்பாலும் மாறிவிடும். கீழே வரும் கணக்கு கற்பனையானது. அதில் பயன்படும் விதிகள் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை.

கேள்வி

ராமநாதபுரத்தைச் சேர்ந்த இந்தியக் குடிமகன் ஒருவர் 2014 ஜூன் 15 அன்று துபாய்க்கு வேலைக்குப் போனார். அதற்கு முன் இந்தியாவை விட்டு வெளியே போனதில்லை. போன பிறகு 2014-15 நிதியாண்டில் ஊருக்கு வரவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 45 நாளுக்குக் குறைவாகவே ஊரில் இருந்தார். அதன் பிறகு விடுமுறைக்கு வந்து தங்கிய நாட்கள் இவை: 2017-18இல் 40, 2018-19இல் 45, 2019-20இல் 50, பெருந்தொற்றுக் காலமான 2020-21இல் 170, 2021-22இல் 75, 2022-23இல் 60, 2023-24இல் 70. கடைசியாக வேலையை விட்டுவிட்டு 2024 அக்டோபர் 10 அன்று நிரந்தரமாக ஊர் திரும்பினார். அந்த நிதியாண்டில் அதற்கு முன் விடுமுறைக்கு வரவில்லை. திரும்பிய பின் வெளிநாடு போகவும் இல்லை.

2024-25இல் அவருக்கு வந்த பணம் பின்வருமாறு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளம் 10 லட்சம் ரூபாய், துபாய் வங்கிக் கணக்கில் வரவானது. செப்டம்பர் சம்பளம் 2 லட்சத்தை நிறுவனம் அக்டோபர் கடைசியில் நேராக ராமநாதபுரத்து என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பியது. பணி முடிவுக்கான பணிக்கொடை 8 லட்சம், துபாயிலேயே கைக்கு வந்தது. துபாய் வங்கி வைப்புக்கு 40,000 ரூபாய் வட்டி அங்கேயே வரவு வைக்கப்பட்டது. ஊரிலுள்ள என்.ஆர்.இ. வைப்புக்கு ஆண்டு முழுவதற்கும் 73,000 ரூபாய் வட்டி. ஊரில் சொந்த வீட்டிலிருந்து 1,20,000 ரூபாய் வாடகை. நவம்பரில் துபாய்ச் சேமிப்பிலிருந்து 20 லட்சத்தை ஊருக்கு மாற்றிக்கொண்டார். இவற்றில் எதற்கெல்லாம் இந்தியாவில் வரி?

முதல் படி: அவர் இந்தியாவில் வசிப்பவரா?

வருமான வரிச் சட்டம் ஒருவரின் குடியுரிமையையோ அவர் மனத்தில் உள்ள நோக்கத்தையோ கொண்டு தொடங்குவதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் அவர் இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணுகிறது. பிரிவு 6(1) இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அவர் வசிப்பவர். அப்படி இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பவர்தான். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 173 நாள் வருகிறது. 182 நாளைத் தொடவில்லை. வளைகுடாவிலிருந்து வருபவர்கள் பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். “ஆறு மாதம் தாண்டவில்லை, ஆகவே என்.ஆர்.ஐ.தான்” என்பது பொதுவான பேச்சு. தேர்வில் தவறும் இடமும் இதுவே. இரண்டாவது அளவுகோலையும் பார்த்தாக வேண்டும். 173 நாள் என்பது 60 நாளைத் தாண்டிவிட்டது. முந்தைய நான்கு ஆண்டுகளின் நாட்களைக் கூட்டினால் 170, 75, 60, 70 சேர்ந்து 375. 365ஐயும் தாண்டிவிட்டது. பெருந்தொற்று ஆண்டின் நீண்ட தங்கல்தான் இந்தக் கூட்டுத்தொகையை எல்லைக்கு மேலே கொண்டுபோனது.

ஆறு மாதப் பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாவது அளவுகோலில் உள்ள 60 நாளை 182 நாளாக உயர்த்தும் சலுகைகள் சட்டத்தில் இருக்கின்றன. வேலைக்காக இந்தியாவை விட்டு வெளியேறும் குடிமகனுக்கு, வெளியேறும் ஆண்டில் அந்தச் சலுகை கிடைக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவுக்கு வந்துபோகும் குடிமகனுக்கும் கிடைக்கும். 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஒருவரின் மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இந்த இரண்டாவது சலுகையின் எல்லை 120 நாளாகக் குறைந்துவிடும். இவருடைய இந்திய வருமானம் அதற்கு வெகு கீழே இருப்பதால், விடுமுறைக்கு வந்துபோன ஆண்டுகளில் 182 நாள் எல்லையே இவருக்குப் பொருந்தியது. 2020-21இல் 170 நாள் தங்கியும் இவர் வசிக்காதவராகவே இருந்தது அதனால்தான்.

ஆனால் 2024 அக்டோபரில் இவர் வந்துபோக வரவில்லை. வேலையை முடித்துக்கொண்டு தங்கிவிட வந்தார். ‘வருகை’ என்று சட்டம் சொல்வது திரும்பிப் போகும் எண்ணத்தோடு வருவதை. சீனாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பிய ஒருவரின் மனுவில் வருமான வரிக்கான முன்தீர்ப்பு ஆணையம் 2014இல் இதே முடிவைத்தான் எடுத்தது. ஆகவே திரும்பும் ஆண்டில் 182 நாள் சலுகை இல்லை. 60 நாள் எல்லையே நிற்கும். முடிவு: 2024-25இல் இவர் இந்தியாவில் வசிப்பவர்.

இந்தியச் சட்டம் ஆண்டை இரண்டாகப் பிளப்பதில்லை என்பதையும் விடையில் எழுத வேண்டும். அக்டோபர் 9 வரை வசிக்காதவர், 10 முதல் வசிப்பவர் என்று பிரிக்க முடியாது. ஆண்டு முழுவதற்கும் ஒரே நிலைதான். இங்கேயே விடை முடிந்துவிட்டால், ஏப்ரலில் துபாயில் வாங்கிய சம்பளத்துக்கும் இந்தியாவில் வரி கட்ட வேண்டியிருக்கும். அதைத் தடுப்பது இரண்டாம் படி.

இரண்டாம் படி: எந்த வகை வசிப்பவர்?

வசிப்பவர்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவர் வழக்கமாக வசிப்பவர். மற்றவர் வசிப்பவர்தான், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர். இந்த இரண்டாம் வகையைக் கணக்காளர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்குப் பெரிதும் உதவுகிற நிலை இது.

பிரிவு 6(6) இதற்கும் இரண்டு வழி சொல்கிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வசிக்காதவராக இருந்திருந்தால் ஒருவர் ஆர்.என்.ஓ.ஆர். ஆவார். அல்லது, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729ஐத் தாண்டாமல் இருந்தாலும் ஆவார். இதிலும் ஒன்று பொருந்தினால் போதும்.

இவருக்கு முந்தைய பத்து ஆண்டுகள் 2014-15 முதல் 2023-24 வரை. வெளியேறிய 2014-15இல் ஏப்ரல் 1 முதல் ஜூன் 15 வரை 76 நாள்தான் இந்தியாவில் இருந்தார். வேலைக்காக வெளியேறியவருக்கான 182 நாள் எல்லைக்குக் கீழே அது. மற்ற ஒன்பது ஆண்டுகளிலும் 182 நாளைத் தொடவில்லை. பத்து ஆண்டும் வசிக்காதவர். முதல் வழி பொருந்திவிட்டது. இரண்டாம் வழியையும் சரிபார்க்கலாம்: 2017-18 முதல் ஏழு ஆண்டுகளின் கூட்டுத்தொகை 510 நாள். அதுவும் பொருந்துகிறது. ஆகவே 2024-25இல் இவர் ஆர்.என்.ஓ.ஆர்.

மூன்றாம் படி: எந்த வருமானம் வரிக்குள் வரும்?

வழக்கமாக வசிப்பவருக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இந்தியாவில் வரி உண்டு. ஆர்.என்.ஓ.ஆருக்கு அப்படி இல்லை. பிரிவு 5இன்படி அவருக்கு மூன்று வகை வருமானம்தான் வரிக்குள் வரும்: இந்தியாவில் கைக்கு வந்தது, இந்தியாவில் விளைந்தது, வெளிநாட்டில் விளைந்திருந்தாலும் இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலிலிருந்து வந்தது. சம்பளக்காரரான இவருக்கு மூன்றாவது வகை இல்லை. முதல் இரண்டைக் கொண்டு பட்டியலைப் பிரித்தால் போதும்.

சம்பளம் வேலை செய்த இடத்தில் விளைகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான 10 லட்சம் துபாயில் விளைந்து துபாயிலேயே கைக்கு வந்தது. வரி இல்லை. பணிக்கொடை 8 லட்சத்துக்கும் துபாய் வைப்பு வட்டி 40,000க்கும் இதே விடை.

நவம்பரில் மாற்றிய 20 லட்சத்தில் பலருக்கும் சந்தேகம் வரும். வெளிநாட்டுப் பணம் இந்தியாவுக்குள் வந்ததும் வரி விழும் என்பது பரவலான அச்சம். வருமானம் ‘கைக்கு வருவது’ என்பது அது முதன்முதலாகக் கைக்கு வரும் தருணத்தைத்தான் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1953இல் கேசவ் மில்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. துபாயில் ஒருமுறை கைக்கு வந்த பணம் பிறகு ஊருக்கு வருவது, ஒருவர் தன் சொந்தப் பணத்தை இடம் மாற்றுவது மட்டுமே. அதற்கு வரி இல்லை.

செப்டம்பர் சம்பளம் 2 லட்சத்துக்கு அந்தத் தீர்ப்பே எதிராகத் திரும்புகிறது. அதுவும் துபாயில் செய்த வேலைக்கான கூலிதான். ஆனால் நிறுவனம் அதை நேராக ராமநாதபுரத்துக் கணக்குக்கு அனுப்பிவிட்டது. முதன்முதலாகக் கைக்கு வந்த இடம் இந்தியா. ஆகவே வரிக்குள் வரும் என்பதே தேர்வில் எழுத வேண்டிய விடை. வசிக்காதவரான கப்பல் பணியாளரின் சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் விழுந்தது என்பதற்காக மட்டும் வரி போட வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அது கப்பல் பணியாளருக்கானது, அதுவும் வசிக்காதவருக்கானது. இவருக்கு அது உதவாது. அதே 2 லட்சத்தைத் துபாய்க் கணக்கில் வாங்கி, மறுநாள் இவரே ஊருக்கு அனுப்பியிருந்தால் வரியே இல்லை.

என்.ஆர்.இ. வைப்பு வட்டி அடுத்த பொறி. பணம் வெளிநாட்டில் சம்பாதித்தது என்றாலும், வைப்பு இருப்பது இந்திய வங்கியில். வட்டி விளைவது இந்தியாவில். ஆகவே ஆர்.என்.ஓ.ஆர். நிலை இந்த வட்டியைக் காப்பாற்றாது. இதுவரை அதைக் காத்துவந்தது பிரிவு 10(4) தரும் தனி விலக்கு. அந்த விலக்கு, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி இந்தியாவுக்கு வெளியே வசிப்பவருக்கு உரியது. ஃபெமா நாட்களை மட்டும் எண்ணுவதில்லை, நோக்கத்தையும் பார்க்கிறது. நிரந்தரமாகத் தங்க வந்தவர் வந்த நாள் முதலே அந்தச் சட்டத்தின்படி இந்தியாவில் வசிப்பவர். இப்படி ஒரே ஆள் ஒரே நாளில் வருமான வரிச் சட்டத்தின் கீழ் ஒரு நிலையிலும் ஃபெமாவின் கீழ் வேறொரு நிலையிலும் இருக்க முடியும். வருமான வரிச் சட்டம் ஆண்டைப் பிளக்காவிட்டாலும் இந்த விலக்கு ஆண்டின் நடுவில் முடிந்துபோகிறது.

73,000 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 200 ரூபாய். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 9 வரை 192 நாளுக்கான 38,400 ரூபாய்க்கு விலக்கு. மீதி 173 நாளுக்கான 34,600 ரூபாய் வரிக்குள் வரும். திரும்பி வந்தவர் வங்கிக்குத் தகவல் சொல்லி என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பணத்தை ஆர்.எஃப்.சி. எனப்படும் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு மாற்றலாம். ஆர்.என்.ஓ.ஆராக இருக்கும் வரை ஆர்.எஃப்.சி. வைப்பு வட்டிக்குப் பிரிவு 10(15) விலக்கு அளிக்கிறது. பலரும் தகவல் சொல்லாமல் என்.ஆர்.இ. பெயரிலேயே கணக்கை ஓட்டுகிறார்கள். வங்கி வரி பிடிக்காமல் விட்டதால் வட்டி வரியற்றது ஆகிவிடாது.

வீட்டு வாடகை இந்தியாவில் விளைந்த வருமானம். எந்த நிலையில் இருந்தாலும் அதற்கு வரி உண்டு. 1,20,000 ரூபாயில் நிலைக்கழிவாக 30 சதவீதம் போக 84,000 ரூபாய் கணக்கில் சேரும்.

விடை

வரிக்கு உட்படும் சம்பளம் 2 லட்சத்தில் புதிய வரி முறையின் நிலைக்கழிவு 75,000 போக 1,25,000 ரூபாய். வாடகையில் 84,000. வட்டியில் 34,600. மொத்தம் 2,43,600 ரூபாய். 2024-25இல் புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. ஆகவே இவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

இரண்டாம் படியை மறந்து இவரை வழக்கமாக வசிப்பவர் என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். பணிக்கொடையை ஒதுக்கி வைத்தாலும், 12 லட்சம் சம்பளமும் துபாய் வட்டியும் சேர்ந்து மொத்த வருமானம் 12,83,600 ரூபாயாகும். புதிய முறையில் வரியும் 4 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்ந்து 1,00,590 ரூபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆகவே அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ திரும்பியவராக இருந்தால் அந்தக் கழிவைக் கேட்கலாம்.

தேதி மாறினால்

இதே மனிதர் 2025 பிப்ரவரி 1 அன்று திரும்பியிருந்தால், பிப்ரவரியின் 28ம் மார்ச்சின் 31ம் சேர்ந்து 59 நாள். 60 நாள் எல்லையைத் தொடாததால் அந்த ஆண்டும் வசிக்காதவர். ஜனவரி 31 அன்று வந்திருந்தால் சரியாக 60 நாள். அப்போது வந்திறங்கிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதே வழக்கைத் தீர்மானிக்கும். முன்தீர்ப்பு ஆணையம் வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்த நாளை விட்டு எண்ணியிருக்கிறது. இரண்டு நாளையும் சேர்த்து எண்ணி, எல்லைக்கு ஒரு நாளாவது கீழே நிற்பதே பாதுகாப்பு. நாட்களுக்குச் சான்று கடவுச்சீட்டில் உள்ள இந்தியக் குடியேற்ற முத்திரை. நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானத்தில் பயணச்சீட்டின் தேதி ஒன்றாகவும் முத்திரையின் தேதி அடுத்த நாளாகவும் இருக்கும். முத்திரைத் தேதியையே எண்ண வேண்டும்.

அடுத்த ஆண்டுகள்

நிலையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும். 2025-26 முழுவதும் இவர் ஊரில் இருப்பதால் வசிப்பவர். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவர். ஆகவே அந்த ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர்., துபாய் வைப்பு வட்டிக்கு வரி இல்லை. 2026-27இல் ஒன்பது எட்டாகக் குறைகிறது. முந்தைய ஏழு ஆண்டுகளின் நாட்களும் 963 ஆகி 729ஐத் தாண்டிவிடுகின்றன. இரண்டு வழியும் அடைபட்டு, வழக்கமாக வசிப்பவர் ஆகிறார். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் இந்த நாள் கணக்கை அப்படியே வைத்திருக்கிறது. ‘முந்தைய ஆண்டு’ என்ற சொல்லுக்குப் பதில் ‘வரி ஆண்டு’ என்கிறது. பிப்ரவரி 1 அன்று திரும்பியிருந்தால் 2024-25 வசிக்காத ஆண்டாகி, ஆர்.என்.ஓ.ஆர். பாதுகாப்பு 2026-27 வரை நீண்டிருக்கும்.

வழக்கமாக வசிப்பவர் ஆன ஆண்டு முதல் துபாய் வட்டிக்கு இங்கே வரி உண்டு. அதோடு துபாயில் மிச்சம் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, வைப்பு, சொத்து அனைத்தையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வசிக்காதவருக்கும் ஆர்.என்.ஓ.ஆருக்கும் இந்தக் கடமை இல்லை. காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க முடியும். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. அட்டவணையில் காட்டும் கடமை அவருக்கும் உண்டு.